பெரியப்பா போட்ட பெருக்கல்

அக்கா மகனுக்குப் பாரிஸிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. ஆண்டுக்கு 42,000 யூரோ. சைதாப்பேட்டையில் இந்த மாதிரித் தொகையைப் பெருக்கிப் பார்க்கும் உரிமை எங்கள் பெரியப்பாவுக்குத்தான். ஒரு யூரோவை நூறு ரூபாயாக்கி, "நாப்பத்திரண்டு லட்சம்டா!" என்று அறிவித்துவிட்டு, மாடியில் இன்னொரு அறை எழுப்பக் கொத்தனாரைத் தேட ஆரம்பித்தார்.

பிரான்சில் வேலைக் கடிதத்தில் எழுதுவது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,500. சமூகப் பாதுகாப்புப் பிடித்தமாகக் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். மிஞ்சும் 2,700 சொச்சத்திலும் வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடிப்பது 2019 முதல் வழக்கம். வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானத்தை வீட்டுக்காரர்கள் கேட்பதால், 900 யூரோவுக்கு மேல் வீடே பார்க்க முடியாது. அந்தக் காசுக்குப் பாரிஸில் கிடைக்கும் அறையில் கட்டில் போட்டால் கதவு திறக்காது. கொத்தனார் தேடல் நின்றது.

"அறுபதுன்னு கேளு. மாட்டேன்னா எழுந்து நட, பின்னாலயே கூப்பிடுவான்" என்றார் பெரியப்பா. சைதாப்பேட்டை மீன் மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்கு அது செல்லும். பாரிஸ்காரர் எழுந்து நடப்பவரை வழியனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

"வாடகை ஜாஸ்தி, தங்கச்சிக்குக் கல்யாணம் இருக்குன்னு எழுதேன்" என்றாள் அக்கா. அதெல்லாம் நம் கஷ்டம். அவர்கள் பணம் கொடுப்பது வேலைக்கு. வேலையில் கூடுதலாக என்ன இருக்கிறது என்று தோண்டியபோது, இரவு நேர அவசர அழைப்பையும் பையனே கவனிக்க வேண்டும் என்று நேர்காணலில் சொன்னது தெரிந்தது. பயல் அதைச் சாதாரணமாக விட்டிருந்தான்!

கடைசியில் போன கடிதம் இது:

"தங்கள் அழைப்புக்கு நன்றி. இப்பணியில் சேர எனக்கு மிகுந்த விருப்பம். வங்கிப் பணப்பரிமாற்ற மென்பொருளில் எனக்கு ஆறு ஆண்டு அனுபவம் உண்டு. இரவு நேர அழைப்புப் பொறுப்பும் இதில் அடங்கும் என்றீர்கள். இவற்றைக் கருதி, போனஸ் நீங்கலாக, பிடித்தத்துக்கு முன் ஆண்டுக்கு 46,000 யூரோ அமைந்தால் மகிழ்வேன். பேசத் தயாராக உள்ளேன்."

'44 முதல் 48 வரை' என்று எழுத நினைத்தான், தடுத்தேன். அப்படி எழுதினால் அவர்கள் காதில் 44 மட்டுமே விழும். தொகை பன்னிரண்டு தவணையா, பதின்மூன்றா என்றும் கேட்கச் சொன்னேன். சில நிறுவனங்கள் அதே ஆண்டுத் தொகையைப் பதின்மூன்றாகப் பிரிக்கும். மாதாமாதம் கைக்கு வருவது குறையும், டிசம்பரில் மட்டும் தீபாவளி.

பதில் வந்தது. 44,500, பன்னிரண்டு தவணை. இரவு அழைப்புக்குத் தனிப்படி. பையன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான்.

பெரியப்பாவுக்கு மட்டும் ஆறவில்லை. "நாப்பத்தாறு கேட்டதுக்கே நாப்பத்திநாலரை வந்திருக்கே, நான் சொன்ன மாதிரி அறுபது கேட்டிருந்தா?"