டி.சி. என்ன அடகுப் பொருளா?

கேள்வி: ஃபீஸ் பாக்கிக்காக டி.சி.யையும் ரிசல்ட்டையும் பள்ளிக்கூடம் நிறுத்தி வைக்கலாமா?

பதில்: கூடாது. டி.சி. என்பது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் ‘கட்டண பாக்கி’ என்று எழுதி, பிள்ளையின் நெற்றியில் கடன் பத்திரம் ஒட்டவும் கூடாதாம்!

எட்டாம் வகுப்புவரை 2009 கல்வி உரிமைச் சட்டமே துணை. மாறிப் போகும் பிள்ளைக்கு டி.சி.யை உடனே தரவேண்டும். இழுத்தடிக்கும் தலைமையாசிரியர்மீது ஒழுங்கு நடவடிக்கை பாயும். டி.சி. வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது.

பொதுத்தேர்வு ரிசல்ட்டைப் பூட்டிவைக்கப் பள்ளியிடம் சாவியே இல்லை. பதிவெண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் அரசு இணையதளமே காட்டிவிடும்.

அதற்காகப் பாக்கி தள்ளுபடி என்று பெற்றோர் குதிக்க வேண்டாம். பள்ளி சட்டப்படி அதை வசூலிக்கலாம், பெற்றோரிடம்.