சபையில் மறுத்தல்: நன்னூல் வழி ஓர் ஆய்வு

புத்தக வெளியீட்டு விழா. ஏற்புரை வழங்கும் கவிஞர் உணர்ச்சி மேலிட்டு, முன்வரிசையில் இருக்கும் மூத்த நண்பரைக் கைகாட்டி, "அடுத்த வருஷம் அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு தொகுப்பு போடுறோம். என்னண்ணே, சரிதானே?" என்று மைக்கில் கேட்டுவிடுகிறார். அரங்கம் கைதட்டுகிறது. அண்ணனுக்கோ துளியும் விருப்பமில்லை. கூட்டுத் தொகுப்பு என்றால் அச்சுச் செலவில் பாதி, விற்காத பிரதிகளில் பாதி, யார் கவிதை முதலில் வருவது என்ற தகராறில் முழுப்பங்கு என்பது அவருக்குத் தெரியும். உறவு கெடாமல் அவர் மறுப்பது எங்ஙனம் என்பதே இவ்வாய்வின் பொருள்.

பவணந்தி முனிவர் நன்னூலில் விடையை எட்டாக வகுத்தார். அவற்றுள் சுட்டும் நேரும் மறுப்புக்கு உதவா. மற்ற ஆறையும் மேற்படி அரங்கில் சோதிப்போம்.

"மாட்டேன்" என்பது மறை. இலக்கணப்படி குற்றமற்றது. ஆனால் கைதட்டல் பாதியில் நின்று, பின்வரிசையில் மிக்சர் பொட்டலம் பிரிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். "நீயே போட்டுக்கோ" என்னும் ஏவல் அதைவிடக் கொடிது. "நானா? உன்கூடவா?" என்று எதிர்வினா தொடுத்தால் சபை சிரிக்கும், தம்பி சிரிக்க மாட்டார்.

காரணம் சொல்லித் தப்ப நினைப்போர் உற்றது உரைத்தலையும் உறுவது கூறலையும் நாடுவர். பெரும்பாலோர் வழுக்கி விழுவது இங்கேதான். "கண் ஆபரேஷன் ஆகியிருக்கு" என்றால், "நீங்க சொல்லுங்கண்ணே, நான் எழுதிக்கிறேன்" என்பார் தம்பி. "வருஷம் பூரா வேலை இருக்கும்" என்றால், "அப்ப அதுக்கடுத்த வருஷம்" என்பார், அதுவும் மைக்கிலேயே. மூன்றாவது காரணம் தேடும்போது முதலிரண்டும் சாக்கு என்பது சபைக்கே விளங்கிவிடும்.

எஞ்சுவது இனமொழி. கேட்டதை விட்டு, அதற்கு இனமான வேறொன்றைச் செய்வதாகச் சொல்வது. "உன் தொகுப்புக்கு மெய்ப்பு பார்த்துத் தரேன்" என்றால் மறுப்பு அதிலேயே அடங்கிவிட்டது என்பர் இலக்கணத்தார். ஆனால் அந்த நூற்பாவில் பார்வையாளருக்கு இடமில்லை. கைதட்டும் கூட்டத்துக்கு அடங்கிய மறுப்பு கேட்காது. 'அண்ணன் ஒத்துக்கிட்டாரு' என்றே வீடு போய்ச் சேரும். ஆகவே சபையில் இனமொழிக்கு முன்னால் மறையையும் வைத்தாக வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் திருத்தம்:

"தம்பி கேட்டதுல ரொம்ப சந்தோஷம். சேர்ந்து போடுறது மட்டும் எனக்கு ஒத்துவராது. தனியாவே எழுதிப் பழகிட்டேன். அவர் தொகுப்பு தயாரானதும் மெய்ப்பு நானே பார்க்கிறேன்."

காரணம் ஒன்றே. அது கேட்டவரின் கவிதையைப் பற்றியதன்று. அவரால் சரிசெய்து கொடுக்கவும் முடியாதது. ஈடாகத் தருவதும் அளவானது, சில மாலைப்பொழுதுகளில் முடிந்துவிடும். விழா முடிந்ததும் தேநீர் மேசையருகே, "பக்கங்களை எப்ப அனுப்புறே?" என்று அண்ணனே முந்திக் கேட்பது நல்லது. கேட்டபின் மெய்ப்பு பார்க்காமல் விட்டால் மறுத்ததைவிட அதுவே பெரிய பகையாகும்.

மறுப்போர் பலரும் விரும்பும் "பார்க்கலாம்" என்பதும் இங்கே ஆராயப்பட்டது. கேட்டவர் காதில் அது நேர் விடையாகவே விழுவதால், மறுப்பு வகைகளில் சேர்க்கத் தகுதியற்றதெனத் தள்ளப்படுகிறது.