பிளக் போலி, காசு அசல்

கேள்வி: இணையச் சந்தையில் என்ஜிகே பிளக் நாலு எடுத்தேன். ஒன்றைப் பூட்டிக் கடலுக்குப் போனால் எஞ்சின் இருமுகிறது. விற்றவரோ உன் எஞ்சினில்தான் கோளாறு என்கிறார்.
– பேசாலை வாசகர்

பதில்: நீங்கள் எஞ்சினைப் பற்றிப் பேசும்வரை அவர்தான் வெல்வார். பிளக்கைப் பற்றிப் பேசுங்கள். அசல் பிளக்கின் வாசரைக் கையால் திருகிக் கழற்ற இயலாது; போலியில் பெரும்பாலும் நட்டைப் போலக் கழன்று வந்துவிடும். அது கழல்வதை வீடியோ எடுங்கள். அசலின் அறுகோண உலோகத்தில் தொகுதி எண் பொறித்திருக்கும், பீங்கானில் எழுத்து கூர்மையாக இருக்கும். பழைய அசல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். மற்ற மூன்றையும் பூட்ட வேண்டாம். பாவித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்பார்கள். போதாததற்கு, சூடு தாங்காத பிளக் பிஸ்டனையும் தின்னும்.

கேள்வி: திருப்பி அனுப்பக் காரணம் கேட்டு ஒரு பட்டியல் வருகிறது. எதை அமத்துவது?
– தாழ்வுபாடு வாசகர்

பதில்: ‘விருப்பம் மாறிவிட்டது’ என்று அமத்தினால், அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழலாம். ‘பழுது’ என்றால், அதே பெட்டியிலிருந்து இன்னொரு போலியை மாற்றித் தருவார்கள். ‘போலி’ அல்லது ‘அசல் அல்ல’ என்பதைத் தேடி அமத்துங்கள். கீழே இவ்வளவு எழுதினால் போதும்: “விளம்பரத்தில் அசல் என்ஜிகே என்று இருந்தது. வந்த நாலிலும் தொகுதி எண் இல்லை, வாசர் கையால் கழல்கிறது. படமும் வீடியோவும் இணைத்துள்ளேன். மாற்றுப் பொருள் வேண்டாம், முழுப் பணத்தையும் திருப்பித் தரவும்.” கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு எழுதுங்கள். முறைப்பாட்டைப் படிப்பவர் விற்றவரல்ல.

கேள்வி: விற்றவர் வட்ஸ்அப்பில் வந்து, முறைப்பாட்டை மூடினால் பாதிக் காசு போடுகிறேன் என்கிறார்.
– பள்ளிமுனை வாசகர்

பதில்: கடல்தொழில் செய்கிற ஊரில் இரையைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? மூடிய முறைப்பாட்டைத் திரும்பத் திறக்க விடாத தளங்கள் உண்டு. பேச்செல்லாம் தளத்துக்குள்ளேயே நடக்கட்டும். வெளியில் பேசியதைத் தளம் கணக்கெடுக்காமல் விடலாம். பொருளையும் தளம் தரும் லேபிளை ஒட்டியே அனுப்புங்கள், கூரியர் ரசீதைப் படமெடுத்து வையுங்கள்.

கேள்வி: நான் எடுத்தது பேஸ்புக் பக்கமொன்றில். காசைக் கூரியர் பையனிடம் கொடுத்தேன். எனக்குப் பாதுகாப்பு உண்டா?
– வங்காலை வாசகர்

பதில்: தளத்தின் பாதுகாப்பு தளத்தில் வாங்கியவருக்குத்தான். கூரியர் பையனைத் திட்டாதீர்கள், பெட்டிக்குள் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாது. உங்களுக்கும், தளம் கைவிரித்தவர்களுக்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 1977க்கு அழைத்து வழி கேட்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள். சோளகம் அடங்கட்டும், பிறகு பார்ப்போம் என்றிருந்தால் தவணை போய்விடும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டை இன்றே எடுங்கள். நீங்கள் முறையிட்டது தெரிந்தால் அந்தப் பக்கம் முதலில் அழிக்கப் போவது அதைத்தான்.