கடலில் விட்ட இளவரசர்

எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு பிறந்த தேதிகள். ஆதாரில் ஒன்று, ஓய்வூதியப் புத்தகத்தில் இன்னொன்று. எண்பது வயது முடிந்தால் ஓய்வூதியம் இருபது சதவீதம் கூடும் என்பதால், எதில் வயது அதிகமோ அதுவே உண்மை என்று வாதாடிக்கொண்டிருந்தார். பெரியம்மா ஒருநாள் பொறுமை இழந்து, "எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்த எடுத்துப் பார்த்துடுங்களேன்" என்று பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். இறக்கியது நான். தும்மியதும் நான்தான்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக எல்.ஐ.சி. கவருக்குள்ளிருந்து பழுப்பேறிய சிறிய அட்டை ஒன்று விழுந்தது. மூன்று பக்கம் ஒட்டி, மேலே மட்டும் திறந்த பை. முகப்பில் பெரியப்பாவின் பெயர், பதினோராம் வகுப்பு, 1964, அரிச்சுப்போன ரப்பர் ஸ்டாம்பு. காட்டுமன்னார்கோயிலில் அவர் படித்த பள்ளிக்கூடத்தின் நூலக அட்டை.

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்திருந்த பேரன் உடனே கணக்குப் போட்டான். "தாத்தா, ஒரு நாளைக்கு ஒரு பைசா அபராதம்னு வெச்சாகூட அறுபது வருஷத்துக்கு 21,915 பைசா. இருநூத்திப் பத்தொன்பது ரூபா பதினஞ்சு பைசா." தாத்தா ஏதோ ஒரு புத்தகத்தை அமுக்கிக்கொண்டு ஊரைவிட்டே ஓடிவந்துவிட்டார் என்பது அவன் முடிவு. பெரியம்மாவும் அதை நம்பத் தயாராகவே இருந்தார்.

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவர் நன்றாகப் பாடம் எடுப்பார். "இதப் பாருடா. புஸ்தகத்துக்கு உள்ளே ஒரு சின்ன அட்டை இருக்கும், அதுல புஸ்தகத்தோட பேரும் நம்பரும். நாம புஸ்தகம் எடுக்கறப்போ வாத்தியார் அந்த அட்டையை உருவி இந்தப் பைக்குள்ள சொருகி, தேதிவாரியா டிரேயில அடுக்கிடுவார். புஸ்தகம் நம்ம கையில, பை அவர் கையில. புஸ்தகத்தைத் திருப்பினாத்தான் பை நமக்குத் திரும்ப வரும். இப்போ பை யார்கிட்ட இருக்கு?"

பேரன் வாயை மூடிக்கொண்டான். ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லாமல், யார் எதை எடுத்தார், எப்போது தர வேண்டும், யார் தரவில்லை என்று மூன்றையும் ஒரு டிரேயைப் பார்த்தே சொல்லிவிடும் ஏற்பாடு அது. பிரௌன் முறை என்று பெயர். பை கையில் இருந்தால் கடன் இல்லை. அறுபது வருடம் கழித்துத் தன் நாணயத்தை நிரூபித்த பெருமிதத்தில் பெரியப்பா அரைக் குவளைக் காப்பி கூடுதலாகக் கேட்டார். பெரியம்மா கொடுத்தார். அதுவே அபூர்வம்.

அடுத்த குவளைக்குள் முகம் மாறிவிட்டது. "கடைசியா எடுத்தது பொன்னியின் செல்வன் ரெண்டாம் பாகம். திருப்பிக் குடுத்துட்டு மூணாம் பாகம் கேட்டேன். வெளியில போயிருக்குன்னார். பரீட்சை வந்துடுச்சு, டி.சி. வாங்கிண்டு வந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வேலை, கல்யாணம், இவ."

அதாவது, 'சுழற்காற்று' முடிகிற இடத்தில், கடலில் அருள்மொழிவர்மரை விட்டுவிட்டு வந்தவர் இன்னும் திரும்பிப் போகவில்லை. இப்போதுதான் எனக்கு ஒரு பழைய விஷயம் விளங்கியது. 2022-இல் மணிரத்னத்தின் முதல் படத்துக்கு இவரை அழைத்துப் போனோம். படமும் இளவரசரைக் கடலில் மூழ்கவிட்டுத்தான் முடிந்தது. ஆக, பெரியப்பா அதுவரை தெரிந்த கதையைத்தான் பார்த்திருக்கிறார். 2023-இல் இரண்டாம் படத்துக்குக் கூப்பிட்டபோது மூட்டுவலி என்றார். மூட்டுவலி எல்லாம் இல்லை. கதையை யாரும் உடைத்துவிடக் கூடாது. எண்பதை எட்டப்போகிறவர், தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த முடிவை எப்படித்தான் இத்தனை காலம் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார் என்பது தனி ஆராய்ச்சிக்குரிய விஷயம்.

அதுவும் அந்தக் கதை வீராணம் ஏரிக்கரையில் ஆரம்பிக்கிறது. பெரியப்பா பிறந்து வளர்ந்ததும் அதே ஏரியின் பக்கம். வந்தியத்தேவன் தன் தெரு வழியாகத்தான் குதிரையில் போனான் என்று சாதிக்கிற ஆள், மூன்றாம் பாகம் படிக்கவில்லை என்பது வெளியே தெரிந்தால் மானம் போகாதா?

நான் ஒரு யோசனை சொன்னேன். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள். கடையில் மலிவாகவே கிடைக்கும், வாங்கித் தருகிறேன் என்றேன். பெரியப்பா மறுத்துவிட்டார். நூலகத்தில் ஆரம்பித்ததை நூலகத்தில்தான் முடிப்பாராம். இதற்கு வைராக்கியம் ஒரு காரணம். இன்னொன்று, டிரங்குப் பெட்டியில் கூடவே வந்த வீட்டுவரி ரசீதுகள். அவற்றில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கிறது. 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வசூலிப்பது. இப்போது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. "இத்தனை வருஷமா சந்தா கட்டியிருக்கேன், ஒரு புஸ்தகம்கூட எடுக்கலையேடா" என்று நெஞ்சில் கைவைத்தார்.

மறுநாளே கிளை நூலகத்துக்குப் போனோம். வெள்ளிக்கிழமை, விடுமுறை. சனிக்கிழமை போனோம். பெரியப்பா ஆதார் நகலோடு அந்தப் பழைய அட்டையையும் நீட்டினார். நூலகர் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது செல்லாது. ஆனா நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். புது உறுப்பினர் அட்டை போட்டுக்கொண்டு அலமாரிக்குப் போனால், ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. 'கொலை வாள்' வெளியில் போயிருந்தது.

பெரியப்பா அங்கேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நூலகர் அம்மா எங்கள் பெயரை எழுதிக்கொண்டு, வந்ததும் போன் செய்வதாகச் சொன்னார். அதுவரைக்கும் என்ன செய்வது? ஒன்றாம் பாகத்தை எடுத்து வந்தோம். அறுபது வருடத்தில் ஆழ்வார்க்கடியான் தவிர எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள்.

படிப்பது சுலபமாக இல்லை. மத்தியானம் மல்லாந்து படுத்துப் புத்தகத்தைப் பிரித்தால் ஒரே மங்கல். அச்சுக்கூடக்காரனைத் திட்டினார், காகிதத்தைத் திட்டினார், டியூப்லைட்டைத் திட்டினார். கண்ணாடிக் கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். பெரியப்பா போட்டிருப்பது இரட்டைப் பார்வைக் கண்ணாடி. தூரத்துக்கு மேல்பகுதி, படிக்கக் கீழ்ப்பகுதி. உட்கார்ந்து குனிந்தால் பார்வை தானாகக் கீழ்ப்பகுதி வழியாகப் போகும். படுத்துக்கொண்டு புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், எழுத்து மேல்பகுதியில் விழும். அது எதிர்வீட்டு மாடியைப் பார்க்கச் செய்தது. வந்தியத்தேவனைப் பார்க்க உதவாது. படிப்பதற்கென்றே தனிக் கண்ணாடி ஒன்று போட்டுக் கொடுத்தார். புத்தகத்தைக் கண்ணிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கூடவே எனக்கும் ஒன்று புரிந்தது: ஐந்து பாகத்தையும் ஒரே புத்தகமாகச் சேர்த்துக் கட்டிய பதிப்பை வாங்கித் தராதது நல்லதாகப் போயிற்று. அது மார்மேல் விழுந்திருந்தால் ஓய்வூதியத்துக்கு இருபது சதவீதம் கூட்ட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

முதல் வாரம் பத்துப் பக்கத்துக்கு ஒரு தூக்கம். இரண்டாவது வாரம் தூக்கம் குறைந்து, பெரியம்மாவின் சீரியல் நேரத்தில் "சத்தத்தக் குறை" என்று குரல் வர ஆரம்பித்தது. ஒன்றாம் பாகம் முடிந்தது. இரண்டாம் பாகமும் முடிந்தது. இளவரசர் மறுபடி கடலில். பேரன் அமெரிக்காவிலிருந்து போனில் கூப்பிட்டு முடிவைச் சொல்ல ஆரம்பித்தபோது, பெரியப்பா போனைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

'கொலை வாள்' இன்னும் வரவில்லை. தவணைத் தேதி எப்போதோ தாண்டிவிட்டதாம். நான்காம் பாகத்தை முதலில் படிக்கலாமே என்றேன். என்னை அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. காத்திருக்கிற நேரத்துக்குத் தேவனின் 'துப்பறியும் சாம்பு'வை எடுத்து வந்திருக்கிறார். இரவு பதினோரு மணிக்குத் தனியாகச் சிரிக்கிறார்.

ஆகவே, எங்கள் ஊர்க் கிளை நூலகத்திலிருந்து பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகத்தை எடுத்துப் போயிருக்கும் ஐயா அல்லது அம்மா, தயவுசெய்து அதைத் திருப்பிக் கொடுங்கள். அபராதத்தை நான் கட்டிவிடுகிறேன்.