முத்திரையப் பாருடே, மூஞ்சியப் பாக்காத

ஏலே பேராண்டி, கல்யாணத்துக்கு நகை எடுக்கணும்னு ஊர்ல உள்ள கடையெல்லாம் ஏறி இறங்குதியாமே? எந்தக் கடைத் தங்கம் சுத்தம்னு என்கிட்ட வந்து கேக்க. நான் என்னத்தச் சொல்ல? ஒரு கடை வாசல்ல நடிகை சிரிக்கா. எதுத்த கடையில நடிகர் நெஞ்சுல கைய வச்சுச் சத்தியம் பண்ணுதாரு. இன்னொருத்தன் பாதாம்பாலக் கையில குடுத்து மெத்தையில உக்கார வைக்கான். நீயும் பாதாம்பாலக் குடிச்சுப் பாத்தே தங்கத்துக்கு மாத்துச் சொல்லிருவ போல.

அந்தக் காலத்துல ஆசாரி உரைகல்லுல நகைய ஒரு தேய்ப்புத் தேய்ச்சு, கோட்டப் பாத்து மாத்துச் சொல்லுவாரு. அது அவரு கண்ணு. நமக்கு அந்தக் கண்ணு கெடையாது. அதுக்குத்தான் அரசாங்கம் நகையிலேயே முத்திரை குத்தச் சொல்லிருக்கு. அத வாசிக்கத் தெரியாம நீ வெளம்பரத்த வாசிச்சுக்கிட்டு அலையுத.

இனி கடைக்குப் போனா மொதல்ல லென்ஸக் கேளு. பத்து மடங்கு பெருசாக் காட்டுத லென்ஸு கடையில இருந்தாகணும்னு விதி. கேக்கதுக்கு வெக்கமா? பொண்ணு பாக்கப் போயி மொகத்தப் பாக்க வெக்கப்பட்டா வேலைக்கு ஆகுமாடே? சங்கிலின்னா கொக்கிப் பக்கம் பாரு. மோதிரம், வளையல்னா உள்பக்கம் பாரு. பொடி எழுத்துல மூணு சங்கதி இருக்கும். முக்கோணம் மாதிரி பிஐஎஸ் சின்னம் ஒண்ணு. 22K916-னு மாத்து ஒண்ணு. இங்கிலீசு எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு எழுத்து ஒண்ணு. அந்த ஆறெழுத்துத்தான் எச்யூஐடி. ஒரு நகைக்கு ஒரு நம்பரு, உன் ஆதாரு மாதிரின்னு வச்சுக்கோயேன்.

916-ன்னா என்ன? ஆயிரத்துல 916 பங்கு தங்கம், மிச்சம் 84 பங்கு செம்பு, வெள்ளின்னு வேற உலோகம். 18K750-ன்னு இருந்தா ஆயிரத்துல 750 பங்குதான். இம்புட்டுத்தான் கணக்கு. பெரிய கடை 916-க்குக் கொம்பு மொளைச்சிருக்காது. சந்துக்கடை 916-க்கு வாலு நீண்டிருக்காது. ரெண்டுலயும் முத்திரை நெசம்னா தங்கமும் ஒண்ணுதான்.

இடையில ஒருத்தன் வருவான். "சார், எங்க நகை 916 கேடிஎம்"ம்பான். கேடிஎம்ங்கது மாத்து இல்லடே. காட்மியம் கலந்து பத்த வைக்கத ஒரு முறை. அந்தப் பொகை ஆசாரி நெஞ்சுக்கு ஆகாது. அதப் போயி பெரும மாதிரி சொல்லுதான், நீயும் பூம்பூம் மாடு கணக்கா மண்டைய ஆட்டுத. கடைக்காரன் தன் பேர நகையில குத்தியிருந்தாலும் அப்படித்தான். அது அவன் பேரு, அவ்வளவுதான். தங்கத்துக்குச் சாட்சி இல்ல.

சரி, முத்திரையே பொய்யா இருந்தா? இப்பம்தான் உனக்குப் புத்தி வேல செய்யுது. நாள் முழுக்கத் தேய்க்கியே அந்த போனு, அதுல BIS CARE-னு ஒரு செயலி உண்டு. அதுல Verify HUID-ங்கதத் தொட்டு அந்த ஆறெழுத்தப் போடு. என்ன நகை, என்ன மாத்து, எந்த மையத்துல சோதிச்சது, என்னைக்கு முத்திரை போட்டது, எந்த நகைக்காரரு குடுத்ததுன்னு வரும். வந்ததும் பச்சக் கலரப் பாத்துச் சந்தோசப்படாத. கையில உள்ள நகையோட ஒத்துப் பாரு. கையில சங்கிலி இருக்கு, போனு மோதிரம்னு சொல்லுதுன்னா எங்கயோ இருந்த நம்பரத் தூக்கி இங்க குத்தியிருக்கான்னு அர்த்தம். மாத்துல வித்தியாசம் இருந்தாலும் எந்திரிச்சு வந்துரு. ஆனா நகைக்காரரு பேரு வேறயா இருந்தா ஒடனே சண்டைக்கு நிக்காத. மொத்த யாவாரி முத்திரை போட்டு இவனுக்கு வித்திருக்கலாம். கேளு, விவரஞ் சொல்லுவான்.

அப்பமும் மனசு ஆறலையா? பிஐஎஸ் அங்கீகாரம் உள்ள சோதனை மையத்துக்கு நீயே நகையக் கொண்டு போலாம், காசு கட்டிச் சோதிக்கலாம். ரெண்டு பவுன் சங்கிலி, 916-ன்னு வாங்குத. சோதிச்சா 880-ன்னு வருதுன்னு வையி. ஆயிரத்துக்கு 36 பங்கு கொறையுது. பதினாறு கிராமுக்கு அரை கிராமுக்கு மேல சொக்கத்தங்கம் போச்சு. முத்திரை போட்ட நகையில இப்படிக் கொறைஞ்சா, கொறஞ்ச மதிப்பப் போல ரெண்டு மடங்கும் சோதனைக் கூலியும் கடைக்காரன் குடுக்கணும்னு 2018-ஆம் வருசத்து பிஐஎஸ் விதி சொல்லுது. அதக் கேக்க பில்லு வேணும். பில்லு இல்லாம போனா அவன் உன்ன யாருன்னு கேப்பான்.

இப்பம் அசல் சங்கதிக்கு வாரேன். தங்கம் ஒண்ணுன்னா கடைக்குக் கடை ரூவா ஏன் மாறுது? சேதாரத்துலடே, சேதாரத்துல! கணக்கு லேசா இருக்கட்டும்னு கிராமு பத்தாயிரம்னு வச்சுக்க. ரெண்டு பவுன் சங்கிலிக்குத் தங்கம் மட்டும் 1,60,000. பாதாம்பால் கடையில சேதாரம் நூத்துக்குப் பதினாலு, அதாவது 22,400. சந்துக்கடையில எட்டு, அதாவது 12,800. வித்தியாசம் 9,600. அதுக்கு மேல மூணு சதம் ஜிஎஸ்டி வேற. பாதாம்பாலு ஒரு டம்ளரு பத்தாயிரம் கிட்ட வருது, பாத்தியா? "செய்கூலியே கெடையாது"ன்னு போர்டு மாட்டிருப்பான். அந்தக் கூலி எங்க போச்சுன்னு நெனைக்க? சேதாரத்துக்குள்ள போயி ஒளிஞ்சிருக்கும். முத்திரைக்குன்னு ஒரு நகைக்கு நாப்பத்தஞ்சு ரூவாயும் அதுக்கு வரியும்தான். பவுனுக்குப் பவுனு வாங்க வழியில்ல. நூத்துக் கணக்குல எழுதுனான்னா என்னன்னு கேளு.

கல்லு வச்ச நகையில இன்னும் கண்ணத் தொறந்து பாரு. முத்திரை தங்கத்துக்குத்தான், கல்லுக்கு இல்ல. பில்லுல கல்லு போக நிகர எடை தனியா இருக்கணும். இல்லன்னா கூழாங்கல்லுக்குத் தங்க வெல குடுத்துட்டு வந்து நிப்ப.

வீட்டுல ஆச்சி போட்டிருக்க பழைய நகையில ஆறெழுத்து இல்லையேன்னு அழுவாத. 2021 சூலைக்கு முன்னால வேற மாதிரி, நாலு குறி போட்ட முத்திரை. அது நமக்கு இன்னமும் செல்லும். 2023 ஏப்ரல் ஒண்ணுல இருந்து ஆறெழுத்து இல்லாம விக்கக்கூடாதுங்கது கடைக்காரனுக்குத்தான். ரெண்டு கிராமுக்குக் கீழ உள்ள பொடி நகைக்கு முத்திரை கட்டாயம் இல்ல. மூக்குத்தியில முத்திரையத் தேடி லென்ஸ ஒடைக்காத.

ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவங்க சொன்னது கடையில போடுத காசுக்கும் சேத்துத்தான். முத்திரை ஒத்துப் போச்சுன்னா சுத்தத்தப் பத்திப் பேசுறத விட்டுரு. சேதாரத்துக்குப் பேரம் பேசு. மாத்து, நிகர எடை, முத்திரைக் கூலி எல்லாம் எழுதுன பில்லக் கையில வாங்கு. அப்பறம் பாதாம்பாலக் குடி, வேண்டாங்கல.