முப்பது நாள் செல்லுபடியாம்!

வாரும் மருமோன், இரும். உம்மட கொட்டேசனைப் பாத்தன். சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, கலியாணக் காட் மாதிரி வடிவா இருக்கு. கடைசி வரியில "இவ்விலைகள் 30 நாட்களுக்குச் செல்லுபடியாகும்" எண்டும் போட்டிருக்கிறீர். அது ஆற்ற யோசனை? பழைய பாஸ் ஒருத்தர்ர தாளைப் பாத்து இறக்கினீரோ?

ஹாட்வெயார்க்காரர் உமக்குச் சொன்ன சீமெந்து விலை இண்டைக்குப் பின்னேரம் மட்டுந்தான். கம்பிக்கும் அப்பிடித்தான். அவருக்குக் களஞ்சியம் இருக்கு, லொறி இருக்கு, அவரே பின்னேரத்துக்கு அங்கால வாக்குக் குடுக்கமாட்டார். ஒரு மோட்டார் சைக்கிளோட திரியுற நீர் முப்பது நாள் குடுக்கிறீர். பெரிய மனசுதான்!

2022 உமக்கு மறந்துபோச்சோ? மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைக் கைவிட, 200 சொச்சத்தில நிண்ட டொலர் மே மாசம் 360ஐத் தொட்டுது. மார்ச்சில 1,850 ரூபா வித்த சீமெந்துப் பை ஏப்ரல் தொடக்கத்தில 2,350. எங்கட சீனக்குடாவிலயே சீமெந்துத் தொழிற்சாலை நிக்குது, பிறகேன் ஏறுது எண்டு கேட்ட ஆக்களும் இருந்தவை. ஆலை இஞ்சதான் ராசா, அரைக்கிற கிளிங்கர் கப்பலில வருது. கப்பலுக்கு டொலர் குடுக்கவேணும்.

அப்ப ஒரு கணக்குப் பாப்பம். உப்புவெளியில ஒரு வீட்டு வேலை, நூறு பை சீமெந்து எண்டு வையும். மார்ச் நடுவில கொட்டேசன் குடுக்கிறீர், சீமெந்துக்கு 1,85,000. வீட்டுக்காரர் கனடாவில இருக்கிற மகனோட கதைச்சுப்போட்டு ஏப்ரல் முதல் கிழமையில வந்து "ஓம் பாஸ், தொடங்குங்கோ" எண்டுறார். இப்ப சீமெந்து 2,35,000. உம்மட லாபமே 60,000 எண்டால் அதில 50,000 பையோட போச்சு. கம்பிக்கும் கிண்ணியா மணல் ஏத்திவாற டீசலுக்கும் இனித்தான் கணக்கு.

அந்த வீட்டுக்காரரைக் குறை சொல்லாதேயும், அவர் கெட்டிக்காரர். விலை ஏறினால் உம்மட தாளைக் கையில பிடிச்சுக்கொண்டு வருவார், இறங்கினால் அடுத்த தெரு பாஸிட்ட போவார். முப்பது நாளும் பலன் அவருக்கு, பயம் உமக்கு. அதுக்குச் சதமும் வாங்காமல் குடுத்திருக்கிறீர்! சில பேர் இதுக்குப் பயந்து முப்பது வீதத்தை மேல கூட்டிப் போடுவினம். அவைக்கு நட்டம் வராது. வேலையும் வராது.

அப்ப என்ன செய்யிறது? தாளை ரெண்டாப் பிரியும். கூலி ஒரு பக்கம், அது கிழமைக்குக் கிழமை ஆடாது, அதுக்கு முப்பது நாள் குடும், புண்ணியம். சாமானுக்கு ஏழு நாள், அதுவும் விலை கிழமைக்குக் கிழமை மாறுற நேரத்துக்குத்தான். நாளுக்கு நாள் விலை மாறினால் மூண்டு நாளே போதும். "ஏழு நாள்" எண்டு மட்டும் எழுதாமல் முடியிற திகதியை எழுதும். இல்லாட்டி தாள் கிடைச்ச நாளிலயிருந்து எண்டு வீட்டுக்காரர் எண்ணுவார். போனில சொன்ன "ஓம்" ஓமில்லை, அட்வான்ஸ் கையில வந்தால்தான் ஓம் எண்டும் போடும்.

ஏழு நாள் காணாது எண்டு அவர் முகம் சுழிச்சால், இன்னொரு வழி இருக்கு. அண்டைய விலையைத் தாளிலயே எழுதும்: சீமெந்து பை இவ்வளவு, கம்பி கிலோ இவ்வளவு. வாங்குற நாள் பில்லில கூடினால் வித்தியாசம் அவருக்கு, குறைஞ்சால் நீர் கழிக்கவேணும். ஆனால் எத்தினை பை எண்டது உம்மட பொறுப்பு. நூறு பை எண்டு சொல்லி நூற்றிப்பத்துப் போனால் அந்தப் பத்து உம்மட தலையில. அரசாங்கத்தின்ர பெரிய வேலைகளில சீடா மாசாமாசம் வெளியிடுற விலைச்சுட்டெண்ணை வைச்சு இந்தக் கணக்கைத்தான் பெரிய சூத்திரமாப் போடுறவை. உமக்கு ஹாட்வெயார் பில் காணும்.

அட்வான்ஸ் வந்த அண்டைக்கே எல்லாத்தையும் வாங்கி அடுக்கிவிடுவன் எண்டு துள்ளாதேயும். கம்பியையும் ஓட்டையும் எடும், விலை அதோட நிண்டுபோம். சீமெந்தை மாசக்கணக்காத் தேக்காதேயும், எங்கட கடல் காத்து பைக்குள்ளயே பூந்திடும். விரலால நசுக்கப் பொடியாகாத கட்டி கண்டால் அந்தப் பை கொங்கிரீட்டுக்கு உதவாது. அப்ப விலையை வெண்டும் சாமானைத் தோத்திடுவீர்.

2023இல ரூபா கொஞ்சம் நிமிர, விலைகளும் இறங்கினது. கூடினால் தாங்கோ எண்டு எழுதின கனபேருக்கு, குறைஞ்சால் கழிப்பன் எண்ட மற்றப் பாதி வரி அந்த நேரம் கண்ணில படேல்லையாம். நீர் அப்பிடியில்லை, எனக்குத் தெரியும். அதாலதான் சொல்லுறன், அந்தப் பாதியையும் இப்பவே உம்மட கையாலயே எழுதும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.