வயலெட் நிறத்தில் ஒரு பாராட்டு

கல்யாணத்துக்கு முன்னாடியே நான் டயட்டில் டிகிரி வாங்கினவள். பேலியோ, ஜி.எம்., வெறும் வெள்ளரிக்காய் என்று எல்லாவற்றிலும் சேர்ந்திருக்கிறேன். எதையும் முடித்ததில்லை.

கர்ப்பமானபோது எடை 72 கிலோ. "உங்க பி.எம்.ஐ.க்கு மொத்தமா ஏழிலிருந்து பதினொன்றரை கிலோ ஏறினா போதும்"னு டாக்டரம்மா சொன்னார். ஐந்தாம் மாசம் தொடங்கும்போதே நாலு கிலோ ஏறியிருந்தது. இதே வேகத்தில் போனால்னு கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்பவுமே வீக்.

போனில் தூங்கிக்கொண்டிருந்த ஃபாஸ்டிங் ஆப்பை எழுப்பினேன். காலை 11-லிருந்து இரவு 7 வரை சாப்பாடு, மீதி 16 மணி நேரம் பட்டினி. சாப்பிடுகிற நேரத்திலும் கீட்டோ: பனீர், முட்டை, காலிஃப்ளவரைத் துருவி "சாதம்". குழந்தைக்குப் புரோட்டீன் போகுதே, வேற என்ன வேணும் என்பது என் ஆராய்ச்சி முடிவு. ஆராய்ச்சி நடந்த இடம் படுக்கை.

அத்தைக்குத் தெரியாமல் செய்ததுதான் பெரிய வேலை. காலையில் அவர் வைக்கும் இட்லியை டிபன் பாக்ஸில் போட்டு ஆபீஸுக்கு எடுத்துப் போய்விடுவேன். ஒரு மாசத்தில் எங்க ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணன் நல்லா தேறிவிட்டார்.

பத்தே நாளில் ஒன்றரை கிலோ குறைந்தது. தலைவலி, லேசான கிறுகிறுப்பு, வாயில் அழுகின பழம் மாதிரி ஒரு வாடை. இதெல்லாம் கொழுப்பு கரைகிற அறிகுறின்னு சந்தோஷப்பட்டேன். வீட்டுக்காரர் மட்டும் ஒரு அடி தள்ளி நின்று பேச ஆரம்பித்தார்.

அடுத்த செக்கப் அன்று பதினொன்றரைக்குத்தான் என் டோக்கன் வந்தது. நர்ஸ் யூரினில் ஒரு பட்டையை முக்கி, டப்பா மேல் இருந்த வண்ணக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சந்தன நிறத்தில் இருக்க வேண்டிய ஒரு சதுரம் கத்தரிக்காய் வயலெட்டில் இருந்தது. "என்னக்கா, விரதமா?" என்றாள். சாமி பெயர் ஒன்றும் சட்டென்று வரவில்லை.

"கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?" டாக்டரம்மா கேட்டார். "நேத்து ஏழு மணிக்கு." பதினாறரை மணி நேரம். ஆப் பாராட்டியிருக்கும். டாக்டரம்மா பாராட்டவில்லை.

பொறுமையாகச் சொன்னார். வயிற்றுப் பிள்ளைக்கு முக்கியமான ஆகாரம் சர்க்கரை. அதை ராத்திரி பகல் இல்லாமல் அம்மா ரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்களும் சர்க்கரையைப் பிள்ளைக்கு விட்டுவிட்டு அம்மா உடம்பைக் கொழுப்பு எரிக்கத் தள்ளும். அதனால் மற்றவர்கள் நீண்ட பட்டினிக்குப் பிறகு போகிற இடத்துக்குக் கர்ப்பிணி உடம்பு காலை டிபனைத் தவறவிட்டாலே கிளம்பிவிடும். டாக்டர்கள் இதற்கு வைத்த பெயரே 'வேகமெடுத்த பட்டினி'. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் வேகமாக இருந்திருக்கிறேன்.

கொழுப்பு எரியும்போது வருகிற கீட்டோன் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகும். கொஞ்சம் கீட்டோன் என்ன செய்யும் என்பது இன்னும் முழுசா தெளிவாகவில்லையாம். "தெரியாததை உங்க பிள்ளை மேல சோதிக்கணுமா?" என்றார். ஆனால் வாந்தியோடு எதுவுமே வயிற்றில் தங்காமல் போனால், அதுவும் கடைசி மாசங்களில், சர்க்கரை அளவு சரியாக இருந்தாலும் ரத்தம் அமிலமாகிவிடலாம். அப்போது தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்கு வரணும். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"சரி டாக்டர், ஒன்றரை கிலோ குறைஞ்சதே?" அதையும் விடவில்லை நான். உடம்பு சேமித்து வைக்கிற மாவுச்சத்து, தன் எடையைப்போல மூணு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்குமாம். அந்தச் சேமிப்பு தீர்ந்ததும் தண்ணீரும் போய்விட்டது. பத்து நாள் காலிஃப்ளவர் தின்று நான் கரைத்தது பெரும்பாலும் தண்ணீர்.

கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேணும். ஒரு கப் சாதத்தில் சுமார் 45 கிராம். பருப்பு, பால், பழத்திலும் கொஞ்சம் வரும். நான் எடுத்தது 20 கிராம். இனி மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பிடணும், படுக்கும்முன் ஒரு டம்ளர் பால். எடை வாரம் கால் கிலோ போல ஏறலாம், குறையக் கூடாது. குறைக்க ஆசையாக இருந்தால் ஆபீஸில் மாலை நேரக் கேக்கைக் குறைக்கலாம் என்றார். கேக் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். "அதான் ரெண்டு உயிருக்குச் சாப்பிடுன்னேன்!" என்று ஆறு இட்லி வைத்தார். கூடுதலாகத் தேவை 350 கலோரிதான், ரெண்டு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பாலோடு முடிந்துவிடும் என்று விளக்கப் பார்த்தேன். இத்தனை நாள் பொய் சொன்னவள் பேச்சு எடுபடவில்லை.

அடுத்த வாரம் பட்டை சந்தன நிறத்திலேயே இருந்தது. ஆப்பை இன்னும் அழிக்கவில்லை, வருஷச் சந்தா கட்டியாகிவிட்டது. தினமும் ஏழு மணிக்கு, இனி சாப்பிடாதே என்று மணி அடிக்கும். சத்தம் கேட்டதும் அத்தை அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவார்.